மேலாளரிடம் இருபது நிமிடம் கேட்கும் மின்னஞ்சல்: வாடிக்கையாளர் சேவை மாணவர்களின் கேள்விகளும் பதில்களும்

புதுச்சேரியில் இளநிலை வணிக மேலாண்மை மாணவர்களுக்கு வாடிக்கையாளர் சேவைத் தாளை நடத்தி வருகிறேன். அதற்கு முன்னர் கடலூரில், வீட்டு உபயோகப் பொருள்களைப் பழுதுநீக்கும் நிலையம் ஒன்றில் மேலாளராக இருந்தேன். பாடத் திட்டப்பணிக்காக மேலாளரிடம் நேர்காணல் கேட்டு வரும் மாணவர் மடல்களைப் பெறும் நாற்காலியிலும், அவற்றை எழுதும் மாணவர்களுக்குப் பக்கத்திலும் அமர்ந்திருக்கிறேன் என்பதால், ஒவ்வொரு பருவத்திலும் என்னிடம் திரும்பத் திரும்ப வரும் ஐயங்களை இங்கே தொகுத்துள்ளேன். கேள்விகள் மாணவர்கள் கேட்டபடியே உள்ளன.

மெயில் எதுக்கு சார், நேர்ல போய்க் கேட்டா ஆகாதா?

சிறிய கடைகளுக்கு நேரில் செல்வதே நல்லது. நேரு வீதியில் உள்ள ஒரு துணிக்கடை உரிமையாளர் கல்லாவிலேயே அமர்ந்திருப்பார். அவரிடம் மின்னஞ்சல் முகவரி கேட்பதே அவருக்கு விந்தையாக இருக்கும். ஆனால் ஒரு பெரிய நிறுவனத்தின் கிளையையோ, அதன் அங்கீகாரம் பெற்ற சேவை நிலையத்தையோ நடத்தும் மேலாளர், வெளியாரிடம் அலுவலக விஷயம் பேசுவதற்கு முன் தம் மேலதிகாரிக்கு ஒரு சொல் சொல்லியாக வேண்டும். அப்போது அவர் கையில் எழுத்து வடிவில் ஏதேனும் இருக்க வேண்டும். நீங்கள் அனுப்பும் மடலை அவர் அப்படியே மேலே அனுப்பி, ‘இதற்கு அனுமதிக்கலாமா’ என்று கேட்பார். ஆகவே உங்கள் மடலை இரண்டு பேர் படிப்பார்கள் என்று எண்ணி எழுதுங்கள். இரண்டாமவர் சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பார், உங்களைப் பார்த்திருக்கவே மாட்டார்.

யாருக்கு அனுப்புறது? வெப்சைட்ல info@ னு ஒண்ணுதான் இருக்கு.

அந்தப் பொது முகவரிக்கு வரும் மடல்களைப் பெரும்பாலும் விற்பனை விசாரணைகளைப் பிரிப்பவர் ஒருவர் பார்ப்பார். உங்கள் மடலில் அவருக்கு வேலை எதுவும் இல்லாததால் அது அங்கேயே கிடந்துவிடும். கிளையின் தொலைபேசி எண்ணுக்கு அழைத்து, ‘கல்லூரித் திட்டப்பணிக்காக ஒரு வேண்டுகோள் மடல் அனுப்ப வேண்டும், வாடிக்கையாளர் புகார்களைப் பார்த்துக்கொள்ளும் மேலாளரின் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் கிடைக்குமா’ என்று கேளுங்கள். வரவேற்பில் இருப்பவர் பெரும்பாலும் தந்துவிடுவார். பெயரை எழுத்துக் கூட்டிக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தம் பெயர் பிழையாக எழுதப்பட்ட மடலை எந்த மேலாளரும் நல்ல மனத்தோடு படிக்கத் தொடங்குவதில்லை.

கிளை மேலாளர் என்ற பதவியும் சேவை மேலாளர் என்ற பதவியும் ஒன்றல்ல. இருசக்கர வாகன விற்பனை நிலையத்தில் முன்னவர் விற்பனை இலக்கைப் பார்ப்பவர். வண்டி சரியாகவில்லை என்று திரும்பி வரும் வாடிக்கையாளரை எதிர்கொள்பவர் பின்னவர். உங்கள் பாடத்துக்குத் தேவையானவர் அவரே.

தமிழ்ல எழுதலாமா, இங்கிலீஷ்லதான் எழுதணுமா?

உள்ளூர் முதலாளியின் நிறுவனமென்றால் தமிழில் தாராளமாக எழுதலாம். மேலே சொன்னபடி மடல் வேறு மாநிலத்துக்கு அனுப்பப்படும் வாய்ப்பு இருந்தால் ஆங்கிலத்தில் எழுதுவதே மேலாளருக்கு வசதி, இல்லையெனில் அவரே அதை மொழிபெயர்க்க வேண்டியிருக்கும். எந்த மொழியானாலும் பேட்டியைத் தமிழில் நடத்தலாம் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். புகார் சொல்ல வந்தவர் என்ன சொன்னார், தாம் என்ன பதில் சொன்னோம் என்பதையெல்லாம் மேலாளர்கள் தமிழில்தான் நினைவு வைத்திருப்பார்கள்.

தமிழில் எழுதுபவர்கள் யூனிகோடில்தான் தட்டச்சு செய்கிறோமா என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். கணினி மையத்தில் பழைய எழுத்துரு ஒன்றில் அடித்து ஒட்டிய மடல், மறுமுனையில் பொருளற்ற குறிகளாகத்தான் தெரியும். முதலில் அதை உங்கள் நண்பருக்கு அனுப்பி, அவருடைய கைப்பேசியில் எப்படித் தெரிகிறது என்று பாருங்கள்.

சப்ஜெக்ட் லைன்ல என்ன போடணும்?

நீங்கள் யார், என்ன கேட்கிறீர்கள், எவ்வளவு நேரம், எப்போதைக்குள் என்ற நான்கும் வந்துவிட்டால் போதும். ‘வேண்டுகோள்’ என்று மட்டும் இட்டால் அது நன்கொடை கேட்கும் மடலைப் போலவும், ‘வாடிக்கையாளர் சேவை குறித்து’ என்று இட்டால் புகார் மடலைப் போலவும் தோன்றும். இரண்டாவது தவறை மாணவர்கள் அடிக்கடி செய்கிறார்கள். அத்தகைய மடல் நேராகப் புகார்ப் பிரிவுக்குத் திருப்பிவிடப்பட்டு, ‘உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது’ என்ற தானியங்கிப் பதிலோடு நின்றுவிட்ட கதை என் வகுப்பிலேயே நடந்திருக்கிறது. சரியான வரி எப்படி இருக்கும் என்பதை அடுத்த பதிலில் உள்ள மடலில் காணலாம்.

முழு மெயிலையும் ஒரு தடவை எழுதிக் காட்ட முடியுமா?

ஒரு மாணவி என்னிடம் கொண்டுவந்த முதல் வரைவை அவருடைய ஒப்புதலுடன் தருகிறேன். பழுதுநீக்கும் நிலையம் ஒன்றின் மேலாளருக்கு அவர் எழுதியது இது.

> வணக்கம் சார். நான் பி.பி.ஏ. மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் பாடத்தில் வாடிக்கையாளர் சேவை பற்றி ப்ராஜெக்ட் செய்ய வேண்டும். புகழ்பெற்ற உங்கள் நிறுவனத்தில் வாடிக்கையாளர் சேவை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன். உங்களுக்கு நேரம் இருக்கும்போது சொன்னால் வந்து சந்திக்கிறேன். தயவுசெய்து உதவவும்.

பணிவில் இந்த மடலுக்குக் குறை ஏதும் இல்லை. ஆனால் இதைப் படிக்கும் மேலாளருக்கு மூன்று கவலைகள் எழும்: இந்தப் பெண் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வார், என்னென்ன கேட்பார், நான் சொல்வது எங்கே போய்ச் சேரும்? மூன்றுக்கும் விடை இல்லாததால் அவர் ‘பிறகு பார்க்கலாம்’ என்று மூடிவிடுவார். ‘உங்களுக்கு நேரம் இருக்கும்போது’ என்ற தொடர் மரியாதையாகத் தோன்றினாலும், நாளைத் தேர்ந்தெடுக்கும் வேலையை அவர் தலையில் ஏற்றிவிடுகிறது.

அந்த மாணவியும் நானும் அமர்ந்து பேசியபோது, அவர் உண்மையில் அறிய விரும்பியது வேறொன்று என்று தெரிந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, ரெயின்போ நகரில் உள்ள அவருடைய உறவினர் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து சலவை இயந்திரம் மூழ்கிவிட்டது. அதைச் சரிசெய்ய ஆள் வருவதற்கு ஏன் அத்தனை நாள் ஆயிற்று, அத்தனை புகார்களும் ஒரே நேரத்தில் குவியும்போது யார் வீட்டுக்கு முதலில் போவது என்று எப்படி முடிவு செய்கிறார்கள் என்பதுதான் அவர் மனத்தில் இருந்த கேள்வி. அதையே மடலின் நடுவில் வைத்தோம்.

> பொருள்: பி.பி.ஏ. மாணவி – மழைக்காலப் புகார்களை வரிசைப்படுத்தும் முறை பற்றி 20 நிமிட நேர்காணல் – பிப்ரவரி 12க்குள்
>
> மதிப்பிற்குரிய (மேலாளர் பெயர்) அவர்களுக்கு,
>
> வணக்கம். நான் (கல்லூரிப் பெயர்) பி.பி.ஏ. மூன்றாம் ஆண்டு மாணவி. வாடிக்கையாளர் சேவைத் தாளுக்கான திட்டப்பணிக்காகத் தங்களிடம் 20 நிமிடம் பேச அனுமதி வேண்டுகிறேன்.
>
> பெருமழைக்குப் பிறகு பழுதுப் புகார்கள் ஒரே நேரத்தில் குவியும்போது, எந்த வீட்டுக்கு முதலில் ஆள் அனுப்புவது என்பதைச் சேவை நிலையம் எப்படி முடிவு செய்கிறது என்பதே என் தலைப்பு. கேட்கவிருக்கும் ஐந்து கேள்விகளைத் தனித்தாளில் இணைத்துள்ளேன். விற்பனை அளவு, வருமானம், வாடிக்கையாளர் பெயர் போன்ற விவரங்கள் எதுவும் எனக்குத் தேவையில்லை.
>
> பிப்ரவரி 10 செவ்வாய், 11 புதன், 12 வியாழன் ஆகிய நாள்களில் பிற்பகல் 3 மணிக்குத் தங்கள் அலுவலகத்துக்கு வர இயலும். தொலைபேசியில் பேசுவது தங்களுக்கு வசதியென்றால் அதற்கும் ஆயத்தமாக உள்ளேன்.
>
> அறிக்கை என் பேராசிரியரிடம் மட்டுமே அளிக்கப்படும். தங்கள் பெயரோ நிறுவனத்தின் பெயரோ வேண்டாமென்றால் குறிப்பிட மாட்டேன். துறைத் தலைவரின் கடிதத்தை இணைத்துள்ளேன்.
>
> நன்றியுடன்,
> (பெயர், வகுப்பு, கைப்பேசி எண்)

இந்த மடலுக்கு ‘புதன் வரலாம்’ என்று இரண்டே சொற்களில் பதில் சொல்லிவிட முடியும். வேலைக்கு நடுவே கைப்பேசியில் படிக்கும் ஒருவரிடமிருந்து நாம் எதிர்பார்க்கக்கூடிய பதிலின் நீளம் அவ்வளவுதான். ‘புகழ்பெற்ற’ என்ற சொல்லை எடுத்துவிட்டதையும் கவனியுங்கள். தம் நிலையத்தைப் பற்றி அவருக்குத் தெரியும். உங்களுடைய தேவை என்ன என்பதுதான் தெரியாது.

இருபது நிமிஷம் பத்தாதே சார், ஒரு மணி நேரம் கேட்கக் கூடாதா?

கேட்கலாம், கிடைக்காது. இருபது நிமிடத்தில் ஐந்து கேள்விகளுக்கு நிதானமாகப் பதில் பெறலாம், ஒரு கேள்விக்கு நான்கு நிமிடம் என்பது குறைவானதல்ல. சொன்ன நேரம் முடிந்ததும் நீங்களே குறிப்பேட்டை மூடி, ‘இருபது நிமிடம் ஆகிவிட்டது சார்’ என்று சொல்லுங்கள். பேச்சில் ஈடுபாடு வந்திருந்தால் அவரே ‘பரவாயில்லை, கேளுங்கள்’ என்பார். மடலில் பத்து நிமிடம் என்று எழுதிவிட்டு அங்கே போய் நாற்பது நிமிடம் எடுத்துக்கொள்வது மட்டும் கூடாது. அடுத்த ஆண்டு உங்கள் கல்லூரியிலிருந்து வரும் மாணவருக்கு அந்தக் கதவு மூடியிருக்கும்.

கேள்விகளை முன்னாடியே அனுப்பிட்டா அவங்க தயார் பண்ணின பதிலைத்தானே சொல்வாங்க?

தயாரித்த பதில் வருவது கேள்வியின் அமைப்பால்தான். ‘உங்கள் வாடிக்கையாளர் சேவையின் தரம் எப்படி உள்ளது’ என்று கேட்டால், முன்னறிவிப்பு இல்லாமல் கேட்டாலும் ‘வாடிக்கையாளரே எங்கள் தெய்வம்’ என்ற பதில்தான் வரும். நடந்த ஒன்றைச் சொல்லச் சொன்னால் அது மாறும். ஜான் ஃபிளனகன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954இல் எழுதிய கட்டுரையில், ஒரு பணியைப் பற்றி மக்களிடம் கருத்துக் கேட்பதைவிட, அந்தப் பணி மிக நன்றாகவோ மிக மோசமாகவோ நடந்த குறிப்பிட்ட நிகழ்ச்சியைச் சொல்லக் கேட்கும் முறையை விளக்கினார். சேவைத் துறை ஆய்வுகளில் அந்த முறை இன்றும் கையாளப்படுகிறது. ‘சென்ற மழைக்குப் பிந்தைய வாரத்தில் வந்த புகார்களில், சரிசெய்ய மிகுந்த நாள் பிடித்த ஒன்றைச் சொல்ல முடியுமா? அதில் முதல் நாள் என்ன நடந்தது?’ என்று எழுதுங்கள். இதை முன்கூட்டியே அனுப்புவது உங்களுக்குத்தான் நன்மை. நல்ல எடுத்துக்காட்டை நினைவுக்குக் கொண்டுவரவும், வேண்டுமானால் பழைய ஜாப் கார்டை எடுத்துப் பார்க்கவும் அவருக்கு அவகாசம் கிடைக்கும்.

உங்கள் பாடத்தில் சேவைத் தரத்தின் ஐந்து கூறுகள் வரும். பரசுராமன், ஜைத்தாமல், பெர்ரி ஆகிய மூவரும் 1988இல் தந்த அளவுகோலில் உள்ள நம்பகத்தன்மை, விரைந்து உதவும் தன்மை, உறுதி, பரிவு, கண்ணுக்குப் புலப்படும் வசதிகள் என்பவையே அவை. ஐந்தையும் ஐந்து கேள்விகளாக்கி அனுப்பும் மாணவர்கள் பலர். அவை தேர்வுத்தாள் போல ஒலிப்பதோடு, ஒவ்வொன்றும் ஒரு பொதுப் பதிலில் முடிந்துவிடும். ஒரு கூறை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கண்ட மடலில் உள்ளது விரைந்து உதவும் தன்மை மட்டுமே; வகுப்பில் கற்ற சொல்லை அறிக்கையில் சேர்த்துக்கொள்ளலாம், மேலாளரிடம் அதைச் சொல்ல வேண்டியதில்லை.

எந்த நாள், எந்த நேரம் கேட்டா கிடைக்கும்?

அது அந்தத் தொழிலின் ஓட்டத்தைப் பொறுத்தது. நான் பணியாற்றிய நிலையத்தில் காலை ஒன்பதரை முதல் பதினொன்று வரை பழுதுநீக்குநர்களுக்கு அன்றைய வீடுகளைப் பிரித்துக் கொடுப்போம்; மாலை ஐந்துக்கு மேல் அவர்கள் திரும்பி வந்து வசூல் தொகையையும் கழற்றிய உதிரிப்பாகங்களையும் ஒப்படைப்பார்கள். திங்கட்கிழமை ஞாயிற்றின் புகார்களும் சேர்ந்துவிடும். எஞ்சியிருப்பது செவ்வாய் முதல் வியாழன் வரை, பிற்பகல் மூன்றிலிருந்து நான்கரை வரை. மாதத்தின் கடைசி மூன்று நாள்களைத் தவிர்த்துவிடுங்கள்.

வங்கியென்றால் மாதத் தொடக்கத்தில் ஓய்வூதியக் கூட்டமும், மார்ச் முழுவதும் கணக்கு முடிப்பும் இருக்கும். துணிக்கடை, வீட்டு உபயோகப் பொருள் கடைகளுக்கு ஆடித் தள்ளுபடிக் காலமும் தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரமும் ஆகாது. மடலில் மூன்று நாள்களைத் தருவதும் இதற்காகத்தான். ஒரே நாளைத் தந்தால் ‘அன்று முடியாது’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

காலேஜ் லெட்டர் இல்லாம அனுப்பலாமா?

அனுப்ப வேண்டாம். மாணவர் என்று சொல்லிக்கொண்டு போட்டி நிறுவனத்துக்காக விவரம் திரட்ட வருவோர் உண்டு என்பது மேலாளர்களின் உண்மையான அச்சம். துறைத் தலைவரின் கையொப்பமும் முத்திரையும் உள்ள ஒரு பக்கக் கடிதத்தை வருடி, பி.டி.எஃப். கோப்பாக இணையுங்கள். கைப்பேசியில் சாய்வாக எடுத்த படத்தில் முத்திரை தெளிவாகத் தெரியாது. கோப்பின் பெயரிலேயே உங்கள் பெயரும் ‘கல்லூரிக் கடிதம்’ என்பதும் இருக்கட்டும். எண்களாக மட்டும் பெயரிட்ட இணைப்பைத் திறக்க அலுவலகங்களில் தயங்குவார்கள். கல்லூரி உங்களுக்கு மின்னஞ்சல் முகவரி கொடுத்திருந்தால் அதிலிருந்தே அனுப்புங்கள்.

ஒரே மெயிலைப் பத்து கம்பெனிக்கு அனுப்பிடலாமா? யாராவது ஒருத்தர் சரின்னு சொல்வாங்கல்ல?

பத்து முகவரிகளையும் ஒரே பெறுநர் கட்டத்தில் இட்டு அனுப்பினால், ஒருவர் மற்ற ஒன்பது பேரையும் பார்ப்பார். அவர்களில் சிலர் ஒரே ஊரில் போட்டியாளர்களாக இருப்பார்கள். மறைநகலில் அனுப்பினாலும், பெயர் இல்லாத ‘மதிப்பிற்குரிய ஐயா’ காட்டிக்கொடுத்துவிடும். மூன்று நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்து, மூன்று தனி மடல் எழுதுங்கள். தலைப்பையும் ஒவ்வொன்றுக்கும் ஏற்றபடி சற்று மாற்றுங்கள்.

மூவரும் ஒப்புக்கொண்டால் என்ன செய்வது என்று உடனே கேட்பார்கள். மூவரையும் சந்தியுங்கள். ஒரே கேள்விக்கு மூன்று நிலையங்களின் பதில்களை அடுத்தடுத்து வைத்து எழுதும் அறிக்கைக்கு எந்தத் தேர்வாளரும் கூடுதல் மதிப்பெண் தருவார். ஒப்புக்கொண்ட ஒருவரை வேண்டாமென்று விட்டுவிடுவது சரியல்ல.

ஒரு வாரமாப் பதிலே இல்லை. மறுபடி அனுப்பினா கோபப்படுவாங்களா?

ஐந்து வேலைநாள் பொறுத்தபின், முதலில் அனுப்பிய மடலுக்கே மறுமொழியாக இரண்டு வரி எழுதுங்கள். புதிய மடலாக அனுப்பினால் பழைய விவரங்களை அவர் தேட வேண்டியிருக்கும். ‘சென்ற செவ்வாய் அனுப்பிய வேண்டுகோளை நினைவூட்டுகிறேன், முன்பு குறிப்பிட்ட நாள்கள் கடந்துவிட்டதால் 17, 18, 19 ஆகிய நாள்களில் பிற்பகல் 3 மணிக்கு வர இயலும்’ என்பது போதும். ‘நீங்கள் பதில் அளிக்கவில்லை’ என்று எழுத வேண்டாம்.

அதன்பின் மூன்று நாள் கழித்து ஒரே ஒருமுறை தொலைபேசியில் கேளுங்கள். அதற்கும் அசைவில்லையென்றால் வேறு நிறுவனத்துக்குச் செல்லுங்கள். இதைக் கணக்கிட்டால், முதல் மடலிலிருந்து அறிக்கை ஒப்படைக்கும் நாளுக்குள் குறைந்தது நான்கு வாரம் வேண்டும் என்று தெரியும். ஒப்படைக்கும் வாரத்தில் முதல் மடல் எழுதுபவர்களுக்கு என்னால் உதவ முடிவதில்லை.

‘கேள்வியை அனுப்பும்மா, எழுதி அனுப்பிடறேன்’னு சொல்லிட்டார். ஒத்துக்கலாமா?

ஒப்புக்கொள்ளுங்கள், ஆனால் பத்து நிமிடத் தொலைபேசிப் பேச்சையும் சேர்த்துக் கேளுங்கள். எழுத்தில் வரும் பதில் பெரும்பாலும் நிறுவனத்தின் விளம்பரத் தாளில் உள்ள வரிகளாக இருக்கும். ‘தாங்கள் எழுதியதில் இரண்டு இடங்களைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும், பத்து நிமிடம் அழைக்கலாமா’ என்று நன்றி மடலிலேயே கேட்டால், அநேகமாக மறுக்க மாட்டார்.

எதைக் கேட்பது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ‘புகார்கள் அனைத்தும் 48 மணி நேரத்தில் முடிக்கப்படுகின்றன’ என்று எழுதி வந்தால், ‘முடித்தல்’ என்பது எந்த நொடியில் என்று கேளுங்கள். பல நிறுவனங்களில் வாடிக்கையாளரின் கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணைப் பழுதுநீக்குநர் வாங்கிப் பதிந்ததும் புகார் முடிந்ததாகக் கணக்காகும். உதிரிப்பாகம் இன்னும் வராத நிலையிலேயே, ‘எண்ணைச் சொல்லுங்கள், பாகம் வந்ததும் வந்து மாட்டித் தருகிறேன்’ என்று அதை வாங்கிவிடுவதும் நடக்கும். கணினியில் புகார் முடிந்திருக்கும், வீட்டில் இயந்திரம் ஓடாது. என் பணிக்காலத்திலும் நாங்கள் நாள்கெடுவுக்காக இதைச் செய்திருக்கிறோம். அதற்காக இன்றும் வருந்துகிறேன். மறுநாள் அதே வீட்டிலிருந்து புதிய எண்ணில் புகார் வரும். ஒரே வீட்டிலிருந்து முப்பது நாளுக்குள் இரண்டாம் முறை வரும் புகார்களை அவர்கள் தனியே பார்க்கிறார்களா என்று கேட்டால், 48 மணி நேரத்தின் உண்மைப் பொருள் தெரிந்துவிடும்.

‘ஹெட் ஆபீஸ்ல பர்மிஷன் வாங்கிட்டு வாங்க’ங்கறாங்க. அவ்வளவுதானா?

பல வேளைகளில் அது மென்மையான மறுப்பு; சில வேளைகளில் உண்மையான விதி. வேறுபடுத்தி அறிய, ‘யாருக்கு எழுத வேண்டும், தங்களுக்கு நகல் வைக்கலாமா’ என்று கேளுங்கள். பெயரும் முகவரியும் தந்தால் அது விதிதான். மேலே உள்ள மடலையே, கிளை மேலாளருக்கு நகல் வைத்து அனுப்பலாம். தரவில்லையென்றால் நன்றி சொல்லி விலகுங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. நிறுவனத்தைப் பற்றிப் பேசாமல், தம் பணி அனுபவத்தைப் பற்றிப் பேச இயலுமா என்று கேட்கலாம். பெயர் குறிப்பிடாமல், ‘கடலூர் மாவட்டத்தில் பன்னிரண்டு ஆண்டு அனுபவமுள்ள ஒரு சேவை மேலாளர்’ என்று எழுத ஒப்புக்கொண்டு பேசியவர்கள் உண்டு. ஆனால் மேலிடம் மறுத்துவிட்டது என்று தெரிந்தபின் இப்படி வற்புறுத்துவது அவருடைய வேலைக்கே தீங்காகலாம்.

பேட்டியை ஃபோன்ல ரெக்கார்டு பண்ணிக்கலாமா? மெயில்லயே அதைச் சொல்லணுமா?

முதல் மடலில் சொல்ல வேண்டாம். அந்த ஒரு சொல்லே பலரைப் பின்வாங்கச் செய்யும். நாள் உறுதியானபின் அனுப்பும் மடலில், ‘குறிப்பெடுப்பதற்கு உதவியாக ஒலிப்பதிவு செய்ய அனுமதிப்பீர்களா, வேண்டாமென்றால் கையால் எழுதிக்கொள்கிறேன்’ என்று கேளுங்கள். கேட்காமல் பதிவு செய்வது எந்த நிலையிலும் கூடாது. ஓ.டி.பி. பற்றிய கேள்விபோல் நுட்பமான இடம் வரும்போது, அனுமதி பெற்றிருந்தாலும் பதிவை நிறுத்திவிட்டுக் கேட்பது நல்லது. பேச்சினிடையே அவர் ஒரு வாடிக்கையாளரின் பெயரையோ முகவரியையோ சொல்லிவிட்டால் அதைக் குறிப்பேட்டிலேயே எழுத வேண்டாம். வாடிக்கையாளரின் விவரங்களை வெளியாரிடம் தராமல் காப்பது, 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு நிறுவனங்கள் கூடுதலாகக் கவலைப்படும் விஷயம்.

அந்தக் கம்பெனியில எங்க வீட்டு கம்ப்ளெயிண்டே பெண்டிங்ல இருக்கு. அதை மெயில்ல சொல்லலாமா?

சொல்லலாம், ஆனால் மடலின் நோக்கம் அதுவாகிவிடக் கூடாது. மறைத்துவிட்டுப் போய், பேட்டியின் நடுவே புகார் எண்ணை எடுத்து நீட்டுவதுதான் மிகத் தவறான வழி. ‘எங்கள் வீட்டிலும் தங்கள் நிறுவனப் பொருள் உள்ளது, அதற்கான புகார் ஒன்று நிலுவையில் உள்ளது. அதைப் பற்றிப் பேச வரவில்லை என்பதைத் தெளிவுபடுத்த விரும்புகிறேன்’ என்று ஒரு வரி போதும். அறிக்கையிலும் இதைக் குறிப்பிடுங்கள். எழுதியவருக்கும் அந்த நிலையத்துக்கும் உள்ள தொடர்பு படிப்பவருக்குத் தெரிய வேண்டும்.

மேலே சொன்ன மாணவிக்கு இதே சிக்கல்தான். உறவினர் வீட்டுச் சலவை இயந்திரம் வெள்ளத்தில் மூழ்கியது. இயற்கைச் சீற்றத்தால் வரும் பழுது உத்தரவாதத்தில் சேராது என்று பெரும்பாலான உத்தரவாத அட்டைகளில் உள்ள வரியைக் காட்டி நிலையம் கட்டணம் கேட்டிருந்தது. அந்தக் கோபத்தோடு சென்றிருந்தால் பேட்டி வழக்காடலாகியிருக்கும். அவர் வேறொரு நிறுவனத்தின் நிலையத்தைத் தேர்ந்தெடுத்து, அதே வரியை வாடிக்கையாளருக்கு எப்படி எடுத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டார். மூழ்கிய இயந்திரத்தை உலர்த்தாமல் மின்னிணைப்பு கொடுக்க வேண்டாம் என்று தொலைபேசியிலேயே சொல்லிவிடுவதாகவும், கட்டணம் எவ்வளவு ஆகும் என்பதை ஆள் அனுப்புவதற்கு முன்பே தெரிவித்துவிட்டால் வாசலில் சண்டை குறைவதாகவும் அந்த மேலாளர் சொன்னார். அந்த மாணவியின் அறிக்கையில் மிகப் பயனுள்ள பக்கம் அதுதான்.

டேட் கன்ஃபார்ம் ஆயிடுச்சு, அன்னைக்கு மழை லீவு விட்டுட்டாங்க. போகணுமா?

கல்லூரிக்குத்தான் விடுமுறை, அந்த நிலையத்துக்கு அன்று ஆண்டின் மிகக் கடினமான நாள். நவம்பர், டிசம்பரில் நாள் குறித்திருந்தால், முதல்நாள் மாலையே வானிலை எச்சரிக்கையைப் பார்த்துவிட்டு, ‘நாளைய மழையில் தங்களுக்குப் பணி மிகுந்திருக்கும் என்பதால் சந்திப்பை அடுத்த வாரத்துக்கு மாற்றிக்கொள்ளலாமா’ என்று நீங்களே எழுதிவிடுங்கள். விடுமுறை அறிவிப்பு காலையில்தான் வந்ததென்றால், எட்டு மணிக்குள் குறுஞ்செய்தி அனுப்பி, அதையே மடலிலும் இடுங்கள். புதிய நாள்களாக மூன்றைத் தர மறக்க வேண்டாம்.

அவர் ‘இல்லை, இன்றே வாருங்கள், நடப்பதை நேரில் பார்க்கலாம்’ என்று அழைத்தால், சாலையில் தண்ணீர் இல்லாதபோது போய்வாருங்கள். ஒரு மூலையில் நின்று, தொலைபேசி ஒலிப்பதையும், வெள்ளைப் பலகையில் வீட்டு முகவரிகள் ஏறுவதையும், அவற்றில் எதற்கு முதலில் வட்டம் போடுகிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கேள்விகளை வேறொரு நாள் கேட்டுக்கொள்ளலாம்.